உடற்கொழுப்புச் சமன்பாடுகளும் மதிப்பீட்டின் திட்டப்பிழையும்

ஆய்வுச்சுருக்கம்

தோல்மடிப்பு அளவுகளிலிருந்து உடற்கொழுப்பைக் கணிக்கும் சமன்பாடுகள் சில சதவீதப் புள்ளிகள் அளவுக்குப் பிழையைக் கொண்டுள்ளன. ஜாக்சன், பொல்லாக் ஆகியோர் 1978இல் ஆண்களுக்காக வெளியிட்ட சமன்பாட்டைச் சான்றாகக் கொண்டு, அப்பிழை எவ்வாறு கணக்கிடப்படுகிறது, எவற்றை அது உள்ளடக்கவில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

உயிருடன் இருப்பவரின் உடற்கொழுப்பை நேரடியாக அளக்க இயலாது. எனவே நீருக்கடியில் எடையிட்டு உடலின் அடர்த்தி அறியப்படுகிறது. அதற்கும் வசதியில்லாத இடங்களில் தோல்மடிப்பின் தடிமனைக் கொண்டு அந்த அடர்த்தி கணிக்கப்படுகிறது. ஆகவே, கிடைக்கும் கொழுப்புச் சதவீதம் ஒரு கணிப்பின்மேல் எழுப்பப்பட்ட மற்றொரு கணிப்பாகும்.

ஒரு கணக்கீடு

மார்பு, வயிறு, தொடை ஆகிய மூன்று இடங்களின் தோல்மடிப்புக் கூடுதலை S (மி.மீ.) எனவும், வயதை A எனவும் கொண்டால் அடர்த்தி பின்வருமாறு அமையும்:

D = 1.10938 − 0.0008267 S + 0.0000016 S² − 0.0002574 A

இவ்வடர்த்தியைக் கொழுப்புச் சதவீதமாக மாற்றுவது சிரியின் சமன்பாடு:

கொழுப்பு % = 495/D − 450

நாற்பது வயதுடைய ஒருவரின் தோல்மடிப்புக் கூடுதல் 60 மி.மீ. எனில், D = 1.0552, கொழுப்பு 19.1%. முடிவு தசமப் புள்ளியுடன் கிடைப்பதால் அது துல்லியமானது என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது.

திட்டப்பிழை உணர்த்துவது

இச்சமன்பாட்டின் பன்மை ஒட்டுறவுக் கெழு 0.905; மதிப்பீட்டின் திட்டப்பிழை 0.0077 கி./க.செ.மீ. அளந்தறிந்த அடர்த்திகள் சமன்பாடு தரும் மதிப்புகளிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதையே இத்திட்டப்பிழை காட்டுகிறது. மாதிரி பெரிதாயின் அதன் அளவு ஏறத்தாழ வருமாறு:

SEE = s √(1 − R²)

இங்கு s என்பது மாதிரியில் அடர்த்தியின் திட்டவிலக்கம். R = 0.905 எனில் √(1 − R²) = 0.425. அதாவது, மிக உயர்ந்ததாகத் தோன்றும் ஒட்டுறவு இருந்தும், தொடக்கத்தில் இருந்த சிதறலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் எஞ்சி நிற்கிறது. எனவே ஒரு சமன்பாட்டை ஒட்டுறவுக் கெழுவைக் கொண்டு மட்டும் தெரிவு செய்தல் பொருந்தாது.

மேற்கண்ட அடர்த்தியில் 0.001 மாறினால் கொழுப்பு ஏறத்தாழ 0.44 சதவீதப் புள்ளி மாறும். ஆகவே 0.0077 என்னும் சிறிய எண் 3.4 சதவீதப் புள்ளியாக விரிகிறது. பிழைகள் இயல்நிலைப் பரவலில் அமைந்தால், நம் எடுத்துக்காட்டு மனிதரைப் போன்றோருள் மூவரில் இருவருக்கு மதிப்பு 15.7% முதல் 22.5% வரை இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை உள்ளடக்க வேண்டுமாயின் எல்லை 12.4% முதல் 25.8% வரை விரியும்.

பிழையின் தோற்றுவாய்கள்

முதலாவது, தோல்மடிப்பு தோலுக்கடியில் உள்ள கொழுப்பை மட்டுமே அளக்கிறது. உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு ஒரே தோல்மடிப்பு உடைய இருவரிடையே வேறுபடலாம். அளவியை வைக்கும் இடம் சற்று விலகினாலும் அளவு மாறும்.

இரண்டாவது, ஒப்பீட்டு அளவீடான நீரடி எடையிடலே பிழையற்றதன்று. நுரையீரலில் எஞ்சும் காற்றின் கணிப்பு 100 மி.லி. பிசகினால், 80 கிலோ எடையுள்ள இம்மனிதரின் கொழுப்புச் சதவீதம் 0.6 புள்ளி மாறிவிடும்.

மூன்றாவதே முதன்மையானது. கொழுப்பின் அடர்த்தி 0.9, கொழுப்பற்ற உடற்பகுதியின் அடர்த்தி 1.1 என அனைவருக்கும் பொதுவாகக் கொள்கிறது சிரியின் சமன்பாடு. ஆனால் கொழுப்பற்ற பகுதியிலுள்ள நீர், எலும்புத் தாது ஆகியவற்றின் விகிதம் வயது, இனம், பயிற்சி ஆகியவற்றுக்கேற்ப மாறுகிறது. ஒருவருக்கு அவ்வடர்த்தி 1.11 எனில், அதே D மதிப்புக்கு அவரது கொழுப்பு 19.1% அன்று, 22.3% ஆகும்.

இந்த மூன்றாவது பிழை 3.4 என்னும் எண்ணுக்குள் அடங்காது. சமன்பாட்டின் திட்டப்பிழை அடர்த்தியோடு ஒப்பிட்டே பெறப்பட்டது. அடர்த்தியைக் கொழுப்பாக மாற்றும் படியில் நேரும் பிழையை அது அறியாது. இப்படியில் மேலும் 3 புள்ளிப் பிழை தனித்து நேர்வதாகக் கொண்டால், இரண்டும் சேர்ந்து √(3.4² + 3²), அதாவது ஏறத்தாழ 4.5 புள்ளியாகும்.

முடிவுரை

வெளியிடப்பட்ட திட்டப்பிழை, சமன்பாடு உருவான மாதிரியை ஒத்தவர்களுக்கே பொருந்தும். வேறு மக்களிடம் பயன்படுத்தும்போது ஒரே திசையில் சாய்ந்த பிழையும் சேரக்கூடும். சமவாய்ப்புப் பிழை குழுச் சராசரியில் குறையும். இச்சாய்வு எத்தனை பேரை அளந்தாலும் குறையாது. எனவே ஆய்வாளர் தனிமனிதரின் கொழுப்பை ஒற்றை எண்ணாகத் தராமல் எல்லையுடன் குறிப்பிடுவதும், இரண்டு மூன்று புள்ளி வேறுபாட்டைக் கொண்டு இருவரை வெவ்வேறு வகைப்பாட்டில் வைக்காதிருப்பதும் தகும்.