மீதி பூஜ்யம் வந்தால் எல்லாம் சரியா?

ஈதர்நெட் கம்பியில் போகும் ஒவ்வொரு தகவல் கட்டின் வாலிலும் 32 பிட்கள் ஒட்டியிருக்கும். வழியில் ஏதாவது ஒரு பிட் புரண்டதா என்று கண்டுபிடிக்க அனுப்புகிறவர் போட்ட வகுத்தல் கணக்கின் மீதி அது. சி.ஆர்.சி. என்பார்கள். 32 பிட்டைக் கையால் வகுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. 3 பிட்டில் போட்டுப் பார்த்தாலே சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

செய்தி 1101. வகுக்கும் எண் 1011. அதாவது x³+x+1 என்ற பல்லுறுப்புக்கோவையின் கெழுக்கள். செய்தியின் பின்னால் மூன்று பூஜ்யங்களைச் சேர்த்து வகுக்க வேண்டும். கழிக்கும்போது கடன் வாங்கும் தொல்லை இல்லை: மேலும் கீழும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1.

```
1101000
1011
-------
0110000
 1011
-------
0011100
  1011
-------
0001010
   1011
-------
0000001
```

மீதி 001. பூஜ்யங்களின் இடத்தில் அதை வைத்து 1101001 என்று அனுப்புகிறோம். பெறுகிறவர் அதே 1011-ஆல் வகுப்பார். மீதி 000 வந்தால் ஏற்றுக்கொள்வார்.

அனுப்பியது மீதியில்லாமல் வகுபடும் என்பதால், வந்து சேர்ந்ததில் மீதி விழுந்தால் அது முழுக்கப் பிழையின் மீதிதான். செய்தி எதுவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆக, 1011-ஆல் வகுபடும் பிழை மட்டுமே தப்பும்.

ஒரே ஒரு பிட் புரண்டால் பிழை xⁱ என்ற ஒற்றை உறுப்பு. 1011-இன் எந்த மடங்கும் ஒற்றை உறுப்பாக இருக்காது. அதனால் கட்டாயம் மாட்டும். அடுத்தடுத்த மூன்று பிட்களுக்குள் அடங்கும் எந்தப் பிழைக்கொத்தும் மாட்டும், மூன்று பிட் அகலத்துக்குள் 1011-இன் மடங்கு எதுவும் அடங்காதே. இரண்டு பிட்கள் தனித்தனியாகப் புரண்டால் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். x⁷+1 என்பது 1011-ஆல் வகுபடும். நம் ஏழு பிட் செய்தியில் இரண்டு பிட்கள் ஏழு இடம் தள்ளி நிற்க வழியில்லை என்பதால் இங்கே கவலையில்லை. செய்தி எட்டு பிட்டானால் முதலும் கடைசியும் சேர்ந்து ஏமாற்றிவிடும்.

கொத்து நான்கு பிட் அகலமானால் ஓட்டை திறக்கிறது. 1101001-இன் கடைசி நான்கு பிட்களில் 1011 என்ற வடிவிலேயே பிழை விழுந்தால் 1100010 வந்து சேரும். வகுத்துப் பாருங்கள், மீதி 000. புரண்டவை மூன்று பிட்கள், ஒற்றைப்படை, ஆனாலும் பிடிபடவில்லை.

ஒற்றைப்படைப் பிழைகளை அடியோடு பிடிக்க வேண்டுமென்றால் 1011-ஐ x+1-ஆல் பெருக்கி 11101-ஐ வகுக்கும் எண்ணாக்கலாம். அதில் நான்கு ஒன்றுகள். அதன் எந்த மடங்கிலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே வரும். விலை, கூடுதலாக ஒரு பிட். ஈதர்நெட்டின் 32 பிட் கோவையில் 15 உறுப்புகள். ஆகவே 32 பிட் அகலம் வரையுள்ள கொத்துகள் அதனிடம் தப்பாது என்றாலும், ஒற்றைப்படைப் பிழைகளுக்கு அந்த உத்தரவாதம் அதில் கிடையாது.