ஆடி மாதமும் கமிஷன் கணக்கும்

சென்னையில் வீடு விற்றுத் தரும் அலுவலகத்தில் சேர்பவர் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தொகையில் தன் பங்கு என்பதைத்தான். 60 லட்சம் ரூபாய் பழைய பிளாட்டுக்கு ஒரு தரப்பு 1 சதவீதம் தந்தால் 60,000 ரூபாய். அதில் முகவருக்கு 40 சதவீதம் என்றால் 24,000. எதிர்த்தரப்புத் தரகரோடு கமிஷனைப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் அது 12,000 ஆகிவிடும். பெட்ரோலும் போன் செலவும் பெரும்பாலும் அவருடையவை.

பங்கு குறைந்தாலும், வாங்க நினைப்பவரை அலுவலகமே தேடித் தந்தால் தாங்கலாம். ஆனால் இணையதளத்தில் விலைக்கு வாங்கிய ஒரே எண் பல தரகர்களுக்கும் போயிருக்கும். நான்காவதாக அழைப்பவருக்குக் கிடைப்பது எரிச்சல் மட்டுமே. போன மாதம் தந்த எண்களில் எத்தனை பேர் நேரில் வீடு பார்க்க வந்தார்கள் என்று பழைய ஊழியரிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மந்த காலத்தின் நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆடியில் பத்திரம் பதியப் பலர் தயங்குவார்கள், மார்கழியும் அப்படியே. ஒரு மாதம்தானே என்று தோன்றும். ஆவணியில் வீடு பார்ப்பவர் அட்வான்ஸ் கொடுத்து, வில்லங்கம் பார்த்து, வங்கிக் கடன் வாங்கிப் பதிவு செய்வதற்குள் ஐப்பசி வந்துவிடலாம். கமிஷன் வழக்கமாகப் பதிவன்றுதான் கைக்கு வரும். ஆக, ஆனியில் வாங்கிய பணம் மூன்று மாதம் தாங்க வேண்டும். இடையில் அலுவலகம் தரும் மாதத்தொகை சம்பளமா, பின்னால் கமிஷனில் கழிக்கப்படும் முன்பணமா என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது.