பங்குச்சந்தை சரியும்போது தங்கம் கைகொடுக்குமா?

சேமிப்பைப் பிரித்து வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தால், உலகெங்கும் சொல்லப்படும் வழக்கமான ஆலோசனை ஒன்றுதான். பாதியைப் பங்குகளில் போடுங்கள், மீதியைக் கடன் பத்திரங்களில் போடுங்கள் என்பார்கள். கடன் பத்திரம் என்பது வட்டி. எனவே அதைத் தவிர்க்கும் நம் குடும்பங்களில் அந்த இடத்தைப் பெரும்பாலும் தங்கமே நிரப்புகிறது. "பங்கு விழுந்தால் தங்கம் ஏறும்" என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. இந்த நம்பிக்கை பாதி மட்டுமே உண்மை.

வட்டி வேண்டாம் என்று நாம் ஒதுங்கினாலும், நம் வீட்டுத் தங்கத்தின் விலையை வட்டி தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தங்கம் வாடகையோ இலாபப் பங்கோ தருவதில்லை. அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரம், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் நல்ல வருமானம் தந்தால், உலகின் பெரிய முதலீட்டாளர்கள் தங்கத்தை விற்றுவிட்டு அங்கே போவார்கள். அந்த வருமானம் குறைந்தால் தங்கத்துக்குத் திரும்புவார்கள்.

சந்தை அமைதியாக இருக்கும் காலத்தில் இந்தக் கணக்கே மேலோங்கி நிற்கும். 2013 இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆண்டு அமெரிக்கப் பத்திரத்தின் வருமானம் 2 சதவீதத்துக்கும் கீழிருந்து சுமார் 3 சதவீதமாக உயர்ந்தது. அமெரிக்கப் பங்குகள் ஏறக்குறைய 30 சதவீதம் ஏறின. டாலர் கணக்கில் தங்கமோ 28 சதவீதம் போல விழுந்தது.

நெருக்கடி வரும்போது நிலைமை மாறுகிறது. அதுவும் இரண்டு கட்டமாக மாறுகிறது. கொரோனா பரவிய 2020-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 20 முதல் மார்ச் 19 வரை நிஃப்டி சுமார் 12,080-லிருந்து 8,260 அளவுக்கு இறங்கியது. அதே நாட்களில் தங்கமும் ஓர் அவுன்ஸ் சுமார் 1,620 டாலரிலிருந்து 1,470 டாலருக்கு விழுந்தது. கைகொடுக்கும் என்று நம்பிய தங்கம் ஏன் விழுந்தது?

கடன் வாங்கிப் பங்கு வணிகம் செய்தவர்களிடம், பங்கு விலை சரிந்ததும் உடனே பணம் கட்டச் சொல்வார்கள். அப்போது விற்க நினைப்பதை விற்க முடியாது. எது உடனே விலை போகுமோ அதைத்தான் விற்க முடியும். தங்கம் உடனே விலை போகும். அந்த வாரத்தில் அமெரிக்க அரசுப் பத்திரங்களைக்கூட விற்றார்கள். எல்லோருக்கும் தேவைப்பட்டது டாலர் ரொக்கம் மட்டுமே.

இரண்டாம் கட்டம் அதற்குப் பிறகு வந்தது. மத்திய வங்கிகள் வட்டியைப் பூச்சியத்துக்கு அருகில் கொண்டுவந்து பணத்தை இறக்கின. பத்திர வருமானம் வீழ்ந்தது. தங்கம் ஆகஸ்டில் 2,060 டாலரைத் தாண்டியது.

இதை ஒரு குடும்பத்தின் கணக்காகப் பார்ப்போம். 10 இலட்சம் ரூபாயில் 7 இலட்சம் நிஃப்டி அளவிலான பங்குகள், 3 இலட்சம் தங்கம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 19 அன்று பங்குகள் சுமார் 4.8 இலட்சமாகியிருக்கும். தங்கம் டாலரில் 9 சதவீதம் இறங்கினாலும், ரூபாயும் மதிப்பிழந்ததால் நம் கணக்கில் அதில் பாதிதான் இழப்பு, சுமார் 2.85 இலட்சம் மிஞ்சியிருக்கும். மொத்தம் ஏறக்குறைய 7.6 இலட்சம். முழுவதும் பங்கில் இருந்திருந்தால் 6.8 இலட்சம்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்தத் தங்கம் மட்டும் ஏறக்குறைய 4 இலட்சம்; மொத்தம் 10 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். முழுவதும் பங்கில் வைத்தவர் அப்போதும் முதலுக்குக் கீழேதான் இருந்திருப்பார்.

ஆக, மார்ச்சில் தங்கம் காப்பாற்றியது ஏறியதால் அல்ல, குறைவாக விழுந்ததால். முழுப் பலன் சில மாதம் காத்திருந்தவருக்கே கிடைத்தது. மார்ச்சிலேயே கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்க வேண்டியிருந்தவருக்கு அது கிடைக்கவில்லை. நகையாக வைத்திருந்தால் செய்கூலி, சேதாரம் போக இன்னும் குறைந்திருக்கும்.

வட்டிக் கணக்கையும் நிரந்தர விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022-க்குப் பிறகு அமெரிக்கப் பத்திர வருமானம் 4 சதவீதத்தைத் தாண்டியும் தங்கம் புதிய உச்சங்களைத் தொட்டது. ரஷ்யாவின் டாலர், யூரோ கையிருப்புகள் முடக்கப்பட்டதைப் பார்த்த பல நாடுகளின் மத்திய வங்கிகள், 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு 1,000 டன்னுக்கும் மேல் தங்கம் வாங்கின. அவர்கள் வட்டியைப் பார்த்து வாங்கவில்லை.

எனவே பங்கும் தங்கமும் மட்டும் போதாது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான வீட்டுச் செலவை இரண்டிலும் சேர்க்காமல் ரொக்கமாக வைத்திருப்பவரே, நெருக்கடியின் முதல் கட்டத்தில் தங்கத்தை விற்காமல் இரண்டாம் கட்டம் வரை காத்திருக்க முடியும்.