டெபாசிட் வட்டியில் பிடித்தம்: ஏப்ரலில் கொடுக்க வேண்டிய ஒரு தாள்

கணவரின் ஓய்வூதியப் பணிக்கொடையையோ, நிலம் விற்ற பணத்தையோ வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிட்டு, அதன் வட்டியில் மாதச் செலவைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்கில் வந்து விழும் அந்த வட்டி, சில நேரம் சொன்ன தொகையைவிடக் குறைவாக இருக்கும். பாஸ்புக்கில் அச்சிட்டுப் பார்த்தால் பக்கத்தில் 'டி.டி.எஸ்.' என்று ஒரு வரி. வரி கட்டும் அளவுக்கு நமக்கு ஏது வருமானம் என்று கேட்டால், கவுன்ட்டரில் இருப்பவர் சொல்லும் பதில் இதுதான்: "நீங்க 15ஜி கொடுக்கலையேம்மா."

அந்தத் தாள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளப் பிடித்தம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கொடுக்கும் இடத்திலேயே வரியை எடுத்து அரசிடம் கட்டிவிடு என்று சட்டம் வங்கிக்குச் சொல்கிறது. உங்கள் மொத்த வருமானம் எவ்வளவு, உங்களுக்கு வரி வருமா வராதா என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. தன்னிடம் உள்ள டெபாசிட்டுக்கு இந்த நிதியாண்டில் எவ்வளவு வட்டி தருகிறோம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். 2025 ஏப்ரல் முதல் அந்த வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தம் உண்டு. 60 வயதானவர்களுக்கு அந்த வரம்பு 1,00,000 ரூபாய். வங்கி, கூட்டுறவு வங்கி, அஞ்சலகம் மூன்றுக்கும் இதே வரம்புதான். வீதம் 10 சதவீதம். பான் எண் கொடுக்காதவருக்கும், ஆதாருடன் இணைக்காமல் பான் செயலிழந்து போனவருக்கும் 20 சதவீதம்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் பிடிப்பார்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. வட்டி 51,000 என்றால் 1,000 ரூபாய்க்கு அல்ல, 51,000 முழுவதற்கும் 10 சதவீதம் போகும். ஒரே வங்கியின் வெவ்வேறு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் பயனில்லை. எல்லாக் கிளைகளின் வட்டியையும், ஆர்.டி. வட்டியையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். சேமிப்புக் கணக்கின் வட்டிக்கு மட்டும் இந்தப் பிடித்தம் கிடையாது. வட்டியைக் கையில் வாங்காமல் முதிர்வில் மொத்தமாகப் பெறும் டெபாசிட் என்றாலும், அந்தந்த ஆண்டுக்குச் சேர்ந்த வட்டிக்கு அந்தந்த ஆண்டே பிடித்துவிடுவார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 57 வயதுப் பெண்மணி, கணவர் இல்லை, வேலைக்குப் போகவில்லை. ஒரு வங்கியில் 15 லட்சம் ரூபாய் 7 சதவீத வட்டிக்கு இருக்கிறது. ஆண்டு வட்டி 1,05,000. ஊர்க் கூட்டுறவு வங்கியில் 4 லட்சம், ஏழரை சதவீதம், அங்கே 30,000. மாடி வீட்டை மாதம் 8,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆண்டு வாடகை 96,000; வீட்டு வாடகையில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துக்கொள்ளச் சொல்வதால் கணக்கில் வருவது 67,200. எல்லாம் சேர்த்து மொத்த வருமானம் 2,02,200 ரூபாய். புதிய வரிமுறையில் 4 லட்சம் வரையிலும், பழைய முறையில் இரண்டரை லட்சம் வரையிலும் வரியே இல்லை. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் இந்த அம்மா ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டியதில்லை.

ஆனால் முதல் வங்கியில் வட்டி 50,000-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே காலாண்டுக்கு வர வேண்டிய 26,250 ரூபாயில் 2,625 போய் 23,625 மட்டும் வரும். ஆண்டு முடிவில் 10,500 ரூபாய். வாடகையில் ஒரு மாதத்துக்கும் மேல். கூட்டுறவு வங்கியில் வட்டி 30,000தான் என்பதால் அங்கே பிடித்தம் இல்லை.

இதைத் தடுப்பதுதான் 15ஜி. இது ஒரு உறுதிமொழி, அவ்வளவே. 'இந்த ஆண்டு எனக்கு வரி வராது, ஆகவே பிடிக்காதீர்கள்' என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதை நம்பி வங்கி விட்டுவிட வேண்டும். 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 15ஜி. 60 ஆனவர்களுக்கு 15ஹெச். இரண்டும் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. வெளிநாட்டில் வசிப்போர் என்.ஆர்.ஓ. டெபாசிட்டுக்கு இதைக் கொடுக்க முடியாது.

படிவத்தில் பெயர், பான், முகவரி எல்லாம் எளிது. திணறுவது தொகை எழுதும் இடத்தில்தான். 'இந்த உறுதிமொழிக்கு உரிய வருமானம்' என்று கேட்கும் கட்டத்தில் அந்த வங்கி தரப்போகும் வட்டியை மட்டும் எழுத வேண்டும்: நம் எடுத்துக்காட்டில் 1,05,000. அடுத்து, 'ஆண்டின் மொத்த உத்தேச வருமானம்' என்ற கட்டத்தில் கூட்டுறவு வங்கி வட்டி, வாடகை எல்லாம் சேர்த்து 2,02,200 என்று எழுத வேண்டும். பலர் இரண்டிலும் ஒரே தொகையை எழுதிவிடுகிறார்கள், அல்லது இரண்டாவதைக் காலியாக விட்டுக் கிளையில் இருப்பவரையே நிரப்பச் சொல்கிறார்கள். அது உங்கள் உறுதிமொழி. பொய்யாக இருந்தால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொகையை நீங்களே எழுதுங்கள். இந்த ஆண்டு வேறு வங்கியில் ஏற்கெனவே 15ஜி கொடுத்திருந்தால் எத்தனை படிவம், எவ்வளவு தொகை என்று சொல்ல அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

15ஜிக்கும் 15ஹெச்சுக்கும் வயது மட்டும்தான் வேறுபாடு என்று நினைத்துவிடாதீர்கள். முக்கியமான வேறுபாடு நிபந்தனையில் இருக்கிறது. 15ஹெச்சுக்கு ஒரே நிபந்தனை: கடைசிக் கணக்கில் வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். வரிக் கழிவைக் கழித்த பிறகு பூஜ்யமானாலும் போதும் என்று 2019-இலேயே தெளிவாக்கிவிட்டார்கள். 68 வயது ஓய்வூதியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 40,000 ஓய்வூதியம், ஆண்டுக்கு 4,80,000. அதில் நிலையான கழிவு 75,000 போக 4,05,000. வங்கி வட்டி 1,60,000 சேர்த்தால் 5,65,000. புதிய முறையில் 4 லட்சத்துக்கு மேல் உள்ள 1,65,000-க்கு 5 சதவீதம் வரி 8,250 ரூபாய். ஆனால் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவின் கழிவு இருப்பதால் அந்த 8,250-உம் பூஜ்யமாகிவிடும். ஆகவே அவர் தாராளமாக 15ஹெச் கொடுக்கலாம். 'பென்ஷன் வாங்குறவங்க கொடுக்கக் கூடாது' என்று யாரோ சொன்னதை நம்பி ஆண்டுக்கு 16,000 ரூபாயைப் பிடித்தத்தில் விடுகிற ஓய்வூதியர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வருமான வரிக் கணக்கு மட்டும் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். வரி பூஜ்யம் என்றாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியிருக்கிறதே.

15ஜிக்கு நிபந்தனை இரண்டு. வரி பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதோடு, இப்படி உறுதிமொழி கொடுக்கும் வட்டி எல்லாம் சேர்ந்து அடிப்படை வரம்பை, அதாவது புதிய முறையில் 4 லட்சத்தை, தாண்டக் கூடாது. 57 வயதில் வட்டியாகவே 4,50,000 வாங்கும் ஒருவருக்கு வரிக் கழிவுக்குப் பின் வரி பூஜ்யம்தான். ஆனாலும் அவரால் 15ஜி கொடுக்க முடியாது. 45,000 ரூபாய் பிடித்தம் ஆகியே தீரும். இதே வருமானத்தோடு மூன்று வயது கூடுதலாக இருந்தால் 15ஹெச் கொடுத்துவிடலாம். இது நியாயமாக எனக்குப் படவில்லை. இப்படிப்பட்டவர் வருமான வரி அலுவலகத்தில் 13-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஒரு சிறு ஆறுதல்: நிதியாண்டு முடிவதற்குள் 60 வயது நிறைந்தால் போதும். ஜனவரியில் 60 ஆகிறவர் அந்த ஆண்டு முழுவதற்கும் மூத்த குடிமகன்தான்.

எங்கே தவறுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நாளில்தான். படிவம் ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். போன வருஷம் கொடுத்தது இந்த வருஷத்துக்குப் பேசாது. ஏப்ரலில் கொடுக்காமல் ஜூலையில் கொடுத்தால், முதல் காலாண்டில் பிடித்த 2,625 ரூபாயை வங்கி திருப்பித் தராது. அது அரசுக் கணக்குக்குப் போய்விட்டது. நடு ஆண்டில் புதிதாக டெபாசிட் போட்டாலோ, பழையதைப் புதுப்பித்தாலோ, அந்த டெபாசிட்டும் உங்கள் உறுதிமொழியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கணவர் பெயர் முதலாவதாகவும் மனைவி பெயர் இரண்டாவதாகவும் உள்ள கூட்டு டெபாசிட்டில் பிடித்தம் கணவரின் பான் எண்ணில்தான் நடக்கும். அங்கே மனைவி 15ஜி கொடுத்துப் பயனில்லை. பான் செயலிழந்திருந்தால் படிவமே செல்லாது.

இந்தத் தாளைக் கொடுத்ததால் வட்டி வரியற்ற வருமானமாக மாறிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள். பிடித்தம் நிற்கிறது, அவ்வளவே. நடு ஆண்டில் நிலம் விற்றோ வேறு வகையிலோ வருமானம் கூடி வரி வந்தால், அதை நீங்களே கட்ட வேண்டும்.

ஏற்கெனவே பிடித்துவிட்டால் பணம் தொலைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் உள்ளே போனால் 26ஏஎஸ் என்ற அறிக்கை இருக்கும். எந்த வங்கி எவ்வளவு பிடித்துக் கட்டியது என்று அதில் தெரியும். அந்தத் தொகை அதில் இல்லையென்றால் முதலில் வங்கியிடம் போய்க் கேட்க வேண்டும். இருந்தால், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம். வழக்கமான கெடு ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்காகக் கொடுக்கலாம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதிப்படுத்த வேண்டும். பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கையும் அதே தளத்தில் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும்.

இங்கே சொன்ன தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. பழைய படிவத்தை நகலெடுத்துக் கொடுக்காமல், 'வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க இந்த ஆண்டுக்கான உறுதிமொழிப் படிவம் கொடுங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். வங்கிச் செயலியிலோ இணைய வங்கியிலோ கொடுத்தால் ஒப்புகையைச் சேமித்து வையுங்கள். கிளையில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

உங்கள் வீட்டில் வட்டியை நம்பி இருக்கும் அம்மாவோ அத்தையோ இருந்தால், ஏப்ரல் முதல் வாரத்தில் அவர்களோடு ஒருமுறை வங்கிக்குப் போய் வாருங்கள். டெபாசிட் எத்தனை வங்கியில் இருக்கிறதோ, பிடித்தம் வரக்கூடிய ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.