தீபாவளிச் சீட்டுக் கட்டும் தெரு

தை பிறந்ததுமே தமிழகத்தின் பல தெருக்களில் அந்த ஆண்டுத் தீபாவளிக்கான சீட்டு ஆரம்பமாகிவிடும். மாதம் 500 ரூபாய், பத்து மாதம். ஐப்பசியில் பட்டாசுப் பெட்டியும் பலகாரமும் மளிகையும் எவர்சில்வர் பாத்திரமும் வீடு வந்து சேரும்.

நுகர்வோர் நடத்தை பற்றி ஒப்படைப்பு எழுதும் மாணவர்கள், சமூக வர்க்கம் என்றதும் வருமானத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பண்டிகைக் கொள்முதலில் பணம் எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் உண்டு. அது பெரும்பாலும் தீபாவளியை ஒட்டிக் கைக்கு வரும். வீட்டு வேலை செய்பவருக்கும் சித்தாளுக்கும் அப்படி மொத்தமாக எதுவும் வராது. அந்த மொத்தத்தை அவர்களே சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்ளும் வழிதான் சீட்டு.

கணக்குப் போட்டால் இதில் லாபம் சொற்பம். கட்டுவது 5,000 ரூபாய், கிடைப்பது 7,500 ரூபாய்ப் பொருள் என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதில் பட்டாசு 3,000, மளிகையும் பலகாரமும் 2,500, பாத்திரம் 2,000. சிவகாசி விலைப்பட்டியல்களில் 80 சதவீதத் தள்ளுபடி சர்வசாதாரணம். அப்படிப் பார்த்தால் அந்தப் பட்டாசுப் பெட்டி 600 ரூபாய்தான். மற்றவை சரியான விலையில் இருந்தாலும் மொத்த மதிப்பு 5,100.

இது தெரிந்தும் பெண்கள் கட்டுகிறார்கள். வீட்டில் வைத்த பணம் வைத்த இடத்தில் இருப்பதில்லை. மருந்துச் செலவு வரும், கணவர் கேட்பார். அட்டையோடு ஆள் வாசலில் வந்து நின்றால் 500 எப்படியும் புரளும். ரொக்கமாக இல்லாமல் பொருளாக வருவதால் வேறு செலவுக்கும் போகாது. இந்தக் காரணங்களைப் புரிந்துகொள்ளாமல் ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று எழுதுவது அநியாயம்.

நடுத்தர வர்க்கத்துக்கு இதுவே நகைச் சீட்டு. அது பெரும்பாலும் 11 மாதத்தோடு முடிவதற்குச் சட்டம் காரணம். பொருளுக்கான முன்பணத்தை நிறுவனம் 365 நாளுக்குள் நேர்செய்யாவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். சேதாரம் இல்லை என்ற சலுகைக்கும் பல கடைகளில் உச்சவரம்பு இருக்கும். வேலைப்பாடு கூடிய நகையை எடுத்தால் மிச்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

மதம் என்ற உட்பண்பாடு நாட்காட்டியில் தெரிகிறது. ரம்ஜான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், தீபாவளி போனஸ் முஸ்லிம் தொழிலாளிக்குப் பல ஆண்டுகள் பண்டிகைக்குப் பொருந்தாத காலத்தில் வருகிறது. அரசு ஊழியருக்கு அந்தச் சிக்கல் இல்லை. வட்டியில்லாப் பண்டிகை முன்பணத்தைப் பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோ கிறிஸ்துமஸுக்கோ, ஆண்டுக்கு ஒருமுறை, அவரே தேர்ந்து வாங்கலாம்.

தெருச் சீட்டில் பெரிய ஆபத்து, நடத்துபவர் ஐப்பசிக்கு முன் தலைமறைவாவது. ஒழுங்குமுறைக்குட்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். அப்போது கட்டியதற்குச் சாட்சியாக நிற்பது தவணைதோறும் கையெழுத்து வாங்கிய அந்த அட்டைதான். பலருடைய அட்டையில் நடத்துபவரின் முழுப் பெயர்கூட இருப்பதில்லை.