எடை மெஷின் சீட்டில் எது அளவு, எது கணக்கு?

உடற்பயிற்சிக் கூடத்து மெஷின் தரும் சீட்டில் கொழுப்பு, தசை, நீர் என்று தனித்தனி சதவீதங்கள் இருக்கும். மெஷின் உண்மையில் அளப்பது இரண்டுதான்: உங்கள் எடை, உடலுக்குள் செலுத்தும் மிக மெல்லிய மின்சாரத்துக்கு ஏற்படும் தடை. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் பாயும், கொழுப்பில் தடுமாறும். அந்தத் தடையோடு உயரம், வயது, பாலினத்தைச் சேர்த்து ஒரு சூத்திரம் நீரை மதிப்பிடுகிறது. கொழுப்பில்லாத உடலில் சுமார் 73 சதவீதம் நீர் என்று கொண்டு, மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது.

சிக்கல் இங்கேதான். 70 கிலோ எடையுள்ளவருக்கு 25 சதவீதம், அதாவது 17.5 கிலோ கொழுப்பு என்று வைப்போம். அவர் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறினால் எடை 71. வயிற்றில் நிற்கும் தண்ணீர் மின்தடையை அவ்வளவாக மாற்றாது. எனவே கூடிய கிலோவில் பெரும்பகுதி கொழுப்புக் கணக்கில் ஏறி, சீட்டு ஏறக்குறைய 26 சதவீதம் காட்டும். குடித்ததோ பச்சைத் தண்ணீர்!

பாதத்தை மட்டும் வைக்கும் மெஷினில் மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியே போய்விடும். தொப்பை வெறும் ஊகம்தான்.

ஒரே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில், கழிப்பறை போய்வந்தபின் பாருங்கள். ஒரு நாள் எண்ணை விடுங்கள். சில மாதப் போக்கை மட்டும் நம்பலாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறவே வேண்டாம்.