கைக்கு வராத 10 லட்சம்… வரி கட்டுவது இரண்டு பேர்! தெரியுமா?

உங்கள் மனை. உங்கள் விருப்பம். அரசு வழிகாட்டி மதிப்பு 60 லட்சம். அவசரத்துக்கு 50 லட்சத்துக்குக் கொடுக்கிறீர்கள். யாரும் தடுக்க முடியாதுதான். ஆனால் உங்களுக்கு வராத அந்த 10 லட்சத்துக்கு நீங்களும் வரி கட்ட வேண்டும், வாங்கியவரும் வரி கட்ட வேண்டும் என்பது தெரியுமா? ஒரே 10 லட்சம், இரண்டு வரி!

முதலில் விற்றவரைப் பார்ப்போமா? 2015இல் 15 லட்சத்துக்கு வாங்கிய மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ லாபம் 35 லட்சம். ஆனால் வருமான வரிச் சட்டம் உங்கள் கிரையப் பத்திரத்தில் உள்ள 50 லட்சத்தை ஏற்காது. முத்திரைத் தீர்வைக்காக அரசு எடுத்துக்கொண்ட 60 லட்சத்தையே விற்ற விலையாக வைக்கும். லாபம் 45 லட்சம் ஆகிவிடும்! நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. 4,37,500 ரூபாயில் முடிய வேண்டியது 5,62,500 ரூபாய் ஆகிறது. செஸ் தனி! (பழைய முறைப்படி பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் வழியும் இந்த மனைக்கு உண்டு. இந்தக் கணக்கில் அது இன்னும் அதிகமாகவே வரும்.)

வாங்கியவருக்கு? "குறைந்த விலையில் முடித்துவிட்டேன்" என்று அவர் சந்தோஷமாகக் காபி குடிக்கும்போது, அந்த 10 லட்சம் அவருடைய வருமானக் கணக்கில் ஏறுகிறது! சம்பளத்தோடு சேர்த்து, அவரவர் வரி விகிதத்தில். 30 சதவீதம் கட்டுகிறவர் என்றால் 3 லட்சம். விற்றவருக்குக் கூடியது 1.25 லட்சம், வாங்கியவருக்கு 3 லட்சம். ஆக மொத்தம் 4.25 லட்சம், யாரும் கண்ணால் பார்க்காத பணத்துக்கு!

விற்றவருக்கான இந்த விதி எப்போது வந்தது தெரியுமா? 2003 ஏப்ரல் முதல்! 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 50சி என்று பெயர். ஆடிட்டர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண் மாறினாலும் விதி மாறவில்லை.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்க்கு ஒன்றரை லட்சம் வரி வரும் என்றால் நம்புவீர்களா?

சட்டம் 10 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறது. முன்பு 5 சதவீதமாக இருந்தது, பிறகு 10 ஆனது. 50 லட்சத்துக்கு விற்றால், வழிகாட்டி மதிப்பு 55 லட்சம் வரை இருந்தாலும் யாருக்கும் கூடுதல் வரி இல்லை. அதே மதிப்பு 55,00,001 ரூபாய் என்று இருந்தால்? தாண்டிய ஒரு ரூபாய்க்கு மட்டும் வரி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! வித்தியாசம் முழுவதும், அதாவது 5,00,001 ரூபாயும், வாங்கியவரின் வருமானம். 30 சதவீதக்காரருக்கு ஒன்றரை லட்சம் போயே போச்சு! விற்றவருக்கும் விலை 55,00,001 என்றே கணக்கு.

அப்படியானால் 60 லட்சம் மதிப்புள்ள நம் மனையை எவ்வளவு குறைத்து விற்கலாம்? வழிகாட்டி மதிப்பை 1.1ஆல் வகுத்துப் பாருங்கள். 54,54,546 ரூபாய்! அதற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் எல்லை தாண்டிவிடுகிறது. பேரம் பேசும் நாளில் கால்குலேட்டரைக் கையில் வைத்திருப்பவர்தான் புத்திசாலி.

டிடிஎஸ்ஸிலும் ஒரு வேடிக்கை உண்டு, தெரியுமா? 50 லட்சமோ அதற்கு மேலோ ஆன சொத்தில், வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். எதில் 1 சதவீதம்? விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதில்! 48 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள், வழிகாட்டி மதிப்பு 52 லட்சம் என்றால் "50ஐத் தொடவில்லையே" என்று விட்டுவிடக் கூடாது. 52,000 ரூபாய் பிடித்தே ஆக வேண்டும்!

சொந்தக்காரருக்குக் கொடுத்தால்? இங்கேதான் சட்டம் விநோதமாகிறது! தாய்மாமன் தன் அக்கா மகனுக்குக் குறைந்த விலையில் விற்றால், வாங்கிய மருமகனுக்கு அந்த வித்தியாசத்தில் வரி இல்லை. அதே மருமகன் தாய்மாமனுக்கு விற்றால்? மாமனுக்கு வரி! ஏன் தெரியுமா? வாங்குபவரின் பக்கத்திலிருந்து உறவுப் பட்டியல் பார்க்கப்படுகிறது. அதில் பெற்றோரின் உடன்பிறந்தவர் உண்டு. உடன்பிறந்தவரின் பிள்ளை இல்லை. பெரியப்பா மகன், சித்தி மகள் யாருமே அதில் கிடையாது. இன்னொன்று: வாங்குபவர் உறவினர் என்பதால் விற்றவர் தப்பிவிட முடியாது. அண்ணன் தம்பிக்கே விற்றாலும் அண்ணனுக்கு 60 லட்சக் கணக்குதான்!

ஒரு செக் பல லட்சத்தைக் காப்பாற்றுமா? காப்பாற்றும்! கிரைய ஒப்பந்தம் போட்ட நாளில் வழிகாட்டி மதிப்பு 48 லட்சம். பத்திரம் பதிவதற்குள் அது 60 ஆகிவிடுகிறது. அட்வான்ஸில் ஒரு பகுதியாவது ஒப்பந்த நாளிலோ அதற்கு முன்போ வங்கி வழியாகப் போயிருந்தால், வருமான வரிக்குப் பழைய 48 லட்சமே கணக்கு. 50 லட்சத்துக்கு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் பிரச்சினையே இல்லை! அட்வான்ஸ் முழுவதும் ரொக்கமாகப் போயிருந்தால் இந்தச் சலுகை காலி. ஆனால் தமிழ்நாட்டில் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் பதிவு நாளின் மதிப்பில்தான். அதில் தள்ளுபடி கிடையாது.

நிலத்துக்கு வழியே இல்லை, குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கிறார், மழை வந்தால் முழங்கால் தண்ணீர். வழிகாட்டி மதிப்புக்கு இதெல்லாம் தெரியாது; அது தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் போடப்படுவது. அப்போது என்ன செய்வது? வருமான வரி அதிகாரியிடம் "இந்த மதிப்பு சந்தை விலையை விட அதிகம்" என்று எழுத்தில் சொல்லுங்கள். துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி கேளுங்கள். முத்திரைத் தீர்வை மதிப்பை ஏற்கெனவே மேல்முறையீட்டில் எதிர்த்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? அவர் 57 லட்சம் என்றால் 57தான். 65 லட்சம் என்று சொன்னாலும் உங்களுக்கு 60தான்! கேட்பதால் மதிப்பு ஏறவே ஏறாது. வாங்கியவரும் இதே வழியைக் கேட்கலாம். ஆனால் பலர் கேட்பதேயில்லை.

வரி கட்டிய வாங்கியவருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. பின்னால் அவர் அதை விற்கும்போது, அடக்க விலை 50 லட்சம் அல்ல, 60 லட்சம்!

"யாருக்குத் தெரியப் போகிறது?" என்கிறீர்களா? பெரிய தொகைப் பதிவுகளைப் பதிவு அலுவலகமே வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கிறது. நீங்கள் ரிட்டர்ன் போட உட்காரும்போது உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்தக் கிரையம் முன்பே உட்கார்ந்திருக்கும்!

எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன், tnreginet.gov.in தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பைப் பார்த்து, அன்றைய தேதியோடு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள்.